அபிமன்யு உள்ளே போக எத்தனை நாள்?

மலைமேல்வீடு (ஏற்காடு)

போன ஆடி மழையில் நாலு நாள் வீட்டை விட்டு வெளியே இறங்க முடியவில்லை. ஓமலூர் பக்கத்திலிருந்து அம்மாயி வந்து எங்களோடு தங்கியிருந்தார். சாயங்காலமானால் டப்பிங் மகாபாரதம் ஒன்றின் மறுஒளிபரப்பு. பதின்மூன்றாம் நாள் போர், அபிமன்யு சக்கர வியூகத்தின் வாசலில் தேரை நிறுத்திக்கொண்டு நிற்கிறான். அது திங்கட்கிழமை. செவ்வாயும் புதனும் காற்றில் கேபிள் போய்விட்டது. வியாழக்கிழமை வந்ததும் அம்மாயி பதறிப்போய் உட்கார்ந்தார், "அய்யோ, பையன் செத்துருப்பானே" என்று. போட்டுப் பார்த்தால் அவன் அதே வாசலில் நிற்கிறான்.

எனக்கு ஒரு கிறுக்கு. அன்றைய பகுதியைப் போனில் நேரம் வைத்துக் குறித்தேன். அரை மணி நேரத்தில் விளம்பரம் எட்டு நிமிடம். பாட்டும் முன்கதையும் மூன்று. கடைசியில் "நாளை" என்று ஒரு நிமிடம். மிச்சம் பதினெட்டு. அதில் அபிமன்யு உண்மையில் ஏதாவது செய்தது ஐந்து நிமிடத்துக்குள்தான். மற்றதெல்லாம் முகம். துரோணர் முகம், கர்ணன் முகம், துரியோதனன் சிரிப்பு, அரண்மனையில் சுபத்திரை ஏற்றிய விளக்கு அணைகிறது, மறுபடி துரோணர். ஒரே அம்பு மூன்று பக்கத்திலிருந்து மூன்று முறை கிளம்பியது. நடுவில் அவன் அம்மா வயிற்றில் இருந்தபோது வியூகக் கதை கேட்டது, பாதியில் அவள் தூங்கிப்போனது என்று ஒரு பழைய நினைவு வேறு.

அம்மாயிக்கு இழுவை ஒரு குறையாகத் தெரியவில்லை. அவர் கேட்டது வேறு: "சுந்தரி எங்கடா? கடைசி வரைக்கும் சுந்தரியைக் காட்டவே இல்லையே?" கூத்தில் அபிமன்யுவுக்குக் கிருஷ்ணன் மகள் சுந்தரிதான் பெண்டாட்டி. தொடரில் உத்தரை மட்டும்தான் வருகிறாள்.

உங்கள் வீட்டில் எந்த இடத்தில் கதை நகரவே இல்லை? அங்கே என்ன கவனித்தீர்கள்?

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

எங்கள் பட்டறையில் ராத்திரி வரை டிவி ஓடும். ஆனால் யாரும் பார்ப்பதில்லை, காதில் கேட்பதோடு சரி. பத்தவைக்கும்போது கண்ணை எடுத்தால் கொலுசு உருகிவிடும். அதனால் இந்த இழுவை எங்களுக்கு வசதி. மேளம் மூன்று தடவை "டம் டம் டம்" என்றால் யாரோ அதிர்ச்சி ஆகிறார்கள், தலை நிமிர்த்த வேண்டியதில்லை. புல்லாங்குழல் வந்தால் கிருஷ்ணன். சங்கு ஊதினால் மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வோம்.

ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா. மூலத்தில் அபிமன்யு கதை நாலு வரிக்கு மேல் இருக்காது. எல்லாம் டிஆர்பிக்காக ஊதுகிற பலூன்.

சுகவனம் (சேலம்)

தம்பி, நாலு வரி இல்லை. வடமொழி பாரதத்தில் துரோண பருவத்துக்குள் அபிமன்யு வதம் என்று தனிப் பகுதியே உண்டு, பல அத்தியாயம் போகும். கும்பகோணம் பதிப்பு எங்கள் வீட்டில் இருந்தது, அப்பா சத்தமாகப் படிப்பார், அதிலிருந்து சொல்கிறேன். அங்கேயும் நீளம்தான், ஆனால் வேறு வகை நீளம். யார் எதிரே வந்தார், எத்தனை அம்பு விட்டார், யார் தேரிலிருந்து விழுந்தார் என்று வரிசையாகப் போகும். பையன் செத்த பிறகு தருமன் புலம்புகிறார், வியாசர் வந்து மரணதேவதை எப்படிப் பிறந்தாள் என்று ஒரு பழங்கதை சொல்லி ஆற்றுகிறார். எந்தத் தொடர்க்காரரும் அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை. முகத்தைக் காட்டுவதற்குப் பதில் அதைக் காட்டியிருந்தால் ஒரு வாரம் ஓடியிருக்கும்.

வயிற்றில் கேட்ட கதை அந்த இடத்தில் இல்லை. தருமன் கேட்கும்போது அபிமன்யு சொல்வது இவ்வளவுதான்: உள்ளே நுழைய அப்பா சொல்லிக்கொடுத்தார், ஆபத்து வந்தால் வெளியே வரத் தெரியாது. தூங்கிப்போன அம்மா, வாய்வழியாக வந்த கதை. தப்பு என்று சொல்ல மாட்டேன், நல்ல கதைதான்.

இன்னொன்று. பாண்டவர் நாலு பேரும் ஏன் பின்னாலேயே நுழையவில்லை என்று வரும் இடம். ஒருநாள் மட்டும் அர்ச்சுனன் தவிர மற்றவர்களைத் தடுக்கலாம் என்று சயத்ரதன் சிவனிடம் வாங்கிய வரம், அதனால் தடுத்துவிட்டான் என்பது வடமொழி. வில்லிபுத்தூரார் அதைக் கண்ணுக்குத் தெரிகிற பொருளாக மாற்றிவிட்டார். வழியில் சிவனுடைய கொன்றை மாலை கிடக்கிறது, வீமன் அதைத் தாண்ட மாட்டேன் என்று நின்றுவிடுகிறான். யாரையும் எறியாமல், மோதாமல், ஒரு பூமாலை மட்டும். இதை எடுத்தால் கிராபிக்ஸ் செலவே இல்லையே என்று எனக்குத் தோன்றும்.

ரெண்டாம் அக்ரஹாரம்

இழுக்கும் தொடர் பற்றியா கேட்கிறீர்கள்? எங்கள் தெருவில் 1988ல் ஒரே வீட்டில்தான் டிவி. ஞாயிறு காலை ராமாயணம். இந்தி ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் யாருக்கும் சந்தேகம் வராது, கதைதான் தெரியுமே. டிவிக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போவோம். மொத்தமே 78 பகுதி. பிறகு வந்த மகாபாரதம் 94. அப்போதும் அம்பும் அம்பும் வானத்தில் ரொம்ப நேரம் மோதிக்கொண்டிருக்கும், அதைத்தான் ரசித்தோம். இப்போது யாருக்கும் பொறுமை இல்லை.

எடிட்டேபிள் (அம்மாபேட்டை)

எட்டு வருடம் சென்னையில் எடிட்டிங்கிலும் டப்பிங் வசனத்திலும் இருந்தவன். இப்போது ஊரிலேயே கல்யாண வீடியோ வேலை. மலைமேல்வீடு கணக்கு பெரும்பாலும் சரி.

94 என்றார்களே, அது வாரம் ஒன்று. 2013ல் விஜய் டிவி டப் செய்து போட்ட மகாபாரதம் இந்தியில் 267 பகுதி, அது வார நாட்களில் தினமும். அதே வருடம் சன் டிவி தமிழிலேயே எடுத்த மகாபாரதம் ஞாயிறு காலை மட்டும் வந்தது. வித்தியாசம் இங்கேதான். தினமும் இருபது நிமிடம் என்றால் வாரத்துக்கு நூறு நிமிடம், கிட்டத்தட்ட வாரம் ஒரு சினிமா. போர்க்களம் எடுப்பது மெதுவான வேலை. பச்சைத் துணி, தேர், குதிரை, பிறகு கிராபிக்ஸ். ஒரு நாள் முழுக்க எடுத்தாலும் கையில் மிஞ்சுவது சில நிமிடம். ஆனால் துரோணரை ஓர் இடத்தில் நிறுத்தி, "அதிர்ச்சி, கோபம், கண்ணீர், பெருமை" என்று நாலு முகம் எடுக்க அரை மணி போதும். அவை ஒரு கோப்பில் தூங்கும். பகுதி ஒன்றரை நிமிடம் குறைகிறதா, துரோணர் வருவார். உற்றுப் பார்த்தால் பிடித்துவிடலாம்: அவர் பின்னால் இருக்கும் வானத்தின் நிறம் சண்டைக்குப் பொருந்தாது. சில சமயம் நெற்றியில் காயம் இருக்கும், அடுத்த ஷாட்டில் இருக்காது.

விளக்கு அணைவது, குங்குமம் சிந்துவது, இதெல்லாம் அரண்மனை செட்டில் எடுப்பது. போர்க்களத்தை விட மலிவு, அதோடு வீட்டில் பார்ப்பவர்களுக்குக் கண்ணீரும் வரும். அதனால்தான் சண்டை வாரத்தில் சுபத்திரை அத்தனை முறை வருகிறார்.

டப்பிங்கில் இன்னொரு சிக்கல். படம் ஏற்கெனவே முடிந்தது, இந்திக்காரர் வாய் எவ்வளவு நேரம் அசைகிறதோ அவ்வளவுக்குத் தமிழ் வேண்டும். உதடு ஒட்டும் எழுத்து, ப, ம, மாறினால் உடனே தெரியும். அங்கே "புத்ர்" என்றால் நான் "புதல்வா" என்று எழுதுவேன், உதடு ஒட்டுவது பொருந்தும். "கண்ணா" என்று எழுதினால் பாசம் சரி, வாய் சேராது. நம் வீட்டுப் பேச்சில் "போறேன்" என்பது மூணு எழுத்தில் முடிந்துவிடும். அவர் வாய் இன்னும் அசைகிறதே! அதனால் "நான் புறப்பட்டுச் செல்கிறேன், தாயே." செந்தமிழ் மீது பக்தி கொஞ்சம் இருக்கும். பாதிக்கு மேல் நீளத்தை நிரப்பத்தான்.

அப்புறம், இந்திப் பகுதி எங்கே முடிகிறதோ அங்கே தமிழில் முடிய வேண்டும் என்று இல்லை. இங்கே விளம்பர நேரம் கூடினால் பகுதியைப் பிரித்து அடுக்குவோம். திருப்பத்தில் முடிய வேண்டியது ஒன்றுமில்லாத இடத்தில் முடியும், அதை மறைக்க அந்த "டம் டம் டம்" சேர்ப்போம். பட்டறைத் தம்பி காதில் கேட்டது பல நாள் நாங்கள் சேர்த்ததாக இருக்கும்.

சுகவனம் அய்யா, கொன்றை மாலை அழகு. ஆனால் டப்பிங்கில் எங்களால் காட்சியை மாற்ற முடியாதே.

அஸ்தம்பட்டி அம்மா

எடிட்டேபிள் சாருக்கு ஒரு கேள்வி. என் பையன் மூன்றாம் வகுப்பு. டப்பிங் விநாயகர் தொடர் ஒன்று பார்த்துவிட்டு, "முருகன்தான் அண்ணன், பிள்ளையார் தம்பி" என்று சாதிக்கிறான். பள்ளியில் வேறொரு பையனோடு சண்டை. முருகனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றும் சொல்கிறான், நாங்கள் வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போகிற குடும்பம். வசனத்தையாவது மாற்றக்கூடாதா?

எடிட்டேபிள் (அம்மாபேட்டை)

வடக்கே பல இடத்தில் கார்த்திகேயன்தான் மூத்தவர், பிரம்மச்சாரி. தொடர் அந்தக் கணக்கில் எழுதியது. இந்தியில் அண்ணனை "பையா" என்று கூப்பிடுவதை "தம்பி" என்று மாற்றலாம், ப-வும் ம்-மும் கிட்டத்தட்ட ஒட்டிப்போகும். ஆனால் படத்தில் முருகன் உயரமாக, பெரிய பையனாக நிற்பார். பிள்ளையார் குட்டியாக மடியில் உட்கார்ந்திருப்பார். மாம்பழக் கதை வேறு வந்துவிட்டால் முழுதாகக் குழம்பும். ஒரு முறை நான் "தம்பி" போட்டேன், மேலே இருந்தவர் திரும்ப "அண்ணா" ஆக்கிவிட்டார். சரியா தப்பா, எனக்கு இன்னும் தெரியாது.

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

நாலு வரி என்றது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிஆர்பி என்றது தப்பில்லை போலிருக்கிறதே.

மலைமேல்வீடு (ஏற்காடு)

எல்லாவற்றையும் அம்மாயியிடம் படித்துக் காட்டினேன். கூத்தும் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும் வரை போகிறதே, அது இழுவை இல்லையா என்று கேட்டேன். "அதுல கட்டியக்காரன் இருக்கான். புள்ளைங்க தூங்கறதப் பாத்தா கதைய விட்டுட்டு எங்க ஊர்க் கவுண்டரக் கிண்டல் பண்ணுவான். எல்லாரும் எந்திரிச்சதும் திரும்ப வியூகத்துக்குப் போவான். இது யாரு தூங்கறாங்கன்னு பாக்காம ஓடுதே" என்றார். அபிமன்யு விழுந்த இரவில் பெண்கள் நிஜமாகவே ஒப்பாரி வைத்து அழுவார்களாம்.

கொன்றை மாலை என்றதும் உடனே "ஆமா, அதைத் தாண்டக்கூடாதுல்ல" என்றார். வில்லி பெயர் அவருக்குத் தெரியாது. பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பதைக் கேட்டு வந்ததாம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பகுதியில் ஒருவழியாக அவன் உள்ளே போனான். அம்மாயி அதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போய்விட்டார், நானும் எழுப்பவில்லை.

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

ஓமலூர்ப் பக்கம் இந்த வருஷம் பாரதக் கூத்து எப்போது வைக்கிறார்கள் என்று அம்மாயியைக் கேட்டுச் சொல்லுங்கள். அபிமன்யு ராத்திரிக்கு மட்டும் பட்டறைக்கு லீவு விடலாம் என்று முதலாளி சொல்கிறார்.