வைரலாகும் அழுகைக்குரலை எங்கள் ஜமக்காளக் கடை ரீலில் சேர்க்கலாமா? கேப்ஷனைப் பார்த்துச் சொல்லுங்கள்

ஜமக்காளக்கடைப் பையன்
அனைவருக்கும் வணக்கம். பவானியில் எங்கள் அப்பா நடத்தும் ஜமக்காளக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை இரண்டு ஆண்டுகளாக நான்தான் கவனித்துக்கொள்கிறேன். எங்களிடம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் வீட்டில் விசேஷம் வைத்திருக்கும் நடுத்தர வயதினர். இப்போது எல்லா ரீல்களிலும் ஒரு எட்டு விநாடி ஆடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. வயதான பெண்மணி ஒருவர் தழுதழுத்த குரலில், "எல்லாரும் போயிட்டாங்களே, நான் மட்டும் கெடக்கறேனே" என்கிறார். தட்டில் மிஞ்சிய கடைசி இட்லிக்கும், வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தில் மறந்துவிட்டு வந்த சார்ஜருக்கும் அந்தக் குரலைப் போட்டுச் சிரிக்கிறார்கள்.

எனக்கு உடனே ஒரு காட்சி தோன்றியது: திருமணம் முடிந்த மறுநாள் காலை, ஆளில்லாத மண்டபத்தில் எங்கள் கோடு போட்ட ஜமக்காளம் மட்டும் தனியாக விரிந்து கிடக்கிறது. தெரிந்தவர் மண்டபத்தில் படமெடுத்தும் விட்டேன். கேப்ஷன் இதுதான்: "கல்யாணம் முடிஞ்சுது மச்சி, நம்மள யாருமே கண்டுக்கல 😂 ஆர்டருக்கு டிஎம் பண்ணுங்க."

சித்தப்பா மகன் பிரமாதம் என்கிறான். அக்காவோ ஏதோ இடிக்கிறது என்கிறாள், ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அப்பா கேட்டுவிட்டு, "யாருப்பா அது அழறது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றிரவே போடலாமா?

ரீச் ராஜா
தம்பி, யோசித்துக்கொண்டே இருந்தால் டிரெண்ட் கடந்து போய்விடும். ஆடியோ பெயருக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் உடனே போடுங்கள். ஆடியோ உங்கள் பிசினஸ் கணக்கில் வரவில்லை என்றால் கிரியேட்டர் கணக்காக மாற்றிவிடுங்கள், எல்லாப் பாட்டும் வந்துவிடும். கேப்ஷனை யாரும் படிப்பதில்லை, அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

விளம்பர எழுத்தர்
உங்கள் அப்பா கேட்டதுதான் இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரியும் வரை ரீலை டிராஃப்டிலேயே வைத்திருங்கள்.

ஆடியோவின் பெயரைத் தொட்டால் அதைப் பயன்படுத்திய ரீல்களின் பட்டியல் வரும். மேலே யாரோ ஒருவரின் கணக்குப் பெயரும் "ஒரிஜினல் ஆடியோ" என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் கணக்குக்காரர்தான் பேசியவர் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கோப்பை அங்கே முதலில் ஏற்றியவர் அவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வேறெங்கோ இருந்து வெட்டி எடுத்தவராகவும் இருக்கலாம். ஆகவே அந்த முதல் ரீலுக்குப் போய்ப் பழைய பின்னூட்டங்களை வாசியுங்கள். "பாவம், இவங்களை வெச்சு காமெடி பண்றீங்களே" என்பது போன்ற ஒரு வரி எங்காவது புதைந்து கிடக்கும். அங்கே கிடைக்கவில்லை என்றால், அந்த அம்மா பேசிய சொற்களை அப்படியே யூடியூபில் தட்டித் தேடுங்கள். கடைசியாக, ஹெட்போன் போட்டு ஆடியோவின் முதல் அரை விநாடியையும் கடைசி அரை விநாடியையும் கேளுங்கள், ஏனென்றால் வெட்டியவர்கள் அவசரத்தில் விட்டுவைக்கும் துணுக்கு பெரும்பாலும் அந்த இரண்டு முனைகளில்தான் இருக்கும்.

இதைச் செய்யாமல் மாட்டிக்கொண்ட பெரிய நிறுவனங்கள் உண்டு. 2014 செப்டம்பரில், தங்களை அடித்துத் துன்புறுத்திய துணையை விட்டு ஏன் உடனே விலகவில்லை என்பதைப் பெண்கள் #WhyIStayed என்ற ஹேஷ்டேக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிஜியார்னோ என்ற அமெரிக்க பீட்சா நிறுவனம் அந்த ஹேஷ்டேக் எதைப் பற்றியது என்று படிக்காமலேயே, பீட்சா இருந்ததால்தான் என்ற பொருளில் ஒரு வரியைப் போட்டுவிட்டது. உடனே நீக்கியது, படிக்காமல் போட்டுவிட்டோம் என்று மன்னிப்பும் கேட்டது. இன்றுவரை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைச் சொல்லிக்காட்டுகிறோம்.

கேட்டரிங் கண்ணன்
நான் இதே ஆடியோவைப் பாயசப் பாத்திரத்துக்குப் போட்டுப் பத்து நாள் ஆகிறது. நல்ல வரவேற்பு, மூன்று பேர் விலை விசாரித்தார்கள். எட்டு விநாடி போதாது என்பதுதான் உங்கள் பிரச்சினை என்று நினைக்கிறேன். நான் இரண்டு முறை ஓடவிட்டுப் பதினாறு விநாடியாக்கினேன். அதையே முயன்று பாருங்கள்.

ஜமக்காளக்கடைப் பையன்
கண்ணன் அண்ணா, நீளம் பிரச்சினை இல்லை. விளம்பர எழுத்தர் ஐயா சொன்னபடி தேடினேன். முதல் ரீலை ஏற்றியது ஒரு மீம் பக்கம், அங்கே பின்னூட்டம் முழுவதும் சிரிப்புக் குறிகள். ஆனால் ஹெட்போனில் கேட்டபோது, அந்த அம்மா பேசத் தொடங்குவதற்கு முன்னால் ஓர் ஆண்குரல் "...ம்மா?" என்று முடிவது தெளிவாகக் கேட்டது. யாரோ ஏதோ கேள்வி கேட்கிறார்கள், அதன் கடைசி அசை மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிறகு யூடியூபில் தேடியதில் ஓர் உள்ளூர்ச் சேனலின் பழைய காணொளி கிடைத்தது. வெள்ளத்தில் வீடு போன ஒரு பாட்டி முகாமில் உட்கார்ந்திருக்க, செய்தியாளர் மைக்கை நீட்டி, "வீட்டுல யாரெல்லாம் இருந்தீங்கம்மா?" என்று கேட்கிறார். அதற்குப் பதில்தான் இந்த எட்டு விநாடி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அக்காவிடம் காட்டினேன், அவள் ஒன்றும் பேசவில்லை.

ரீலைப் போடப்போவதில்லை. ஆனால் படமெடுத்த காட்சி நன்றாக வந்திருக்கிறது. அதையும் தூக்கிப்போட வேண்டுமா?

விளம்பர எழுத்தர்
வேண்டியதில்லை. கெட்டது குரல் மட்டும்தான், காட்சி உங்களுடையது.

2019 மே கடைசியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். இது தலையில் விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணிக்கு அடிபட்டது என்று ஒருவர் விளையாட்டாகப் பதில் எழுத, நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்பது ட்விட்டரையே நிரப்பியது. நிறுவனங்களும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன, யாருக்கும் கூசவில்லை. அடிபட்டது வடிவேலு நடித்த ஒரு கதாபாத்திரம், அந்தச் சிரிப்பில் காயப்பட்ட மனிதர் யாருமில்லை. அப்போதும்கூட, தமிழ் தெரியாத பலர் உண்மையிலேயே யாரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று எண்ணி யார் இந்த நேசமணி என்று விசாரித்தார்கள் என்பதையும் கவனியுங்கள். நமக்குப் பின்னணி தெரியும் என்பதால் பார்ப்பவருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் மீமில் மாறாத பகுதி "எல்லோரும் போன பிறகு மிஞ்சிக் கிடக்கும் பொருள் பேசுகிறது" என்பது. அந்த வடிவத்தை எவரும் எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பாட்டியின் குரல் தேவையே இல்லை. தறி ஓடும் சத்தத்தைப் பின்னணியில் வையுங்கள். பேசுவது ஜமக்காளமாகவே இருக்கட்டும், ஆனால் அழவேண்டாம். கேலி யார் மீது விழுகிறது என்று பாருங்கள்: அது ஜமக்காளத்தின் மீதோ உங்கள் கடையின் மீதோதான் விழ வேண்டும். அடுத்ததாக, அந்த வரியில் ஜமக்காளம் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி என்று போட்டுப் பாருங்கள். அப்போதும் வரி பொருந்தினால், நீங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

ஓய்வுபெற்ற டீச்சரம்மா
எனக்கு ரீல் நுணுக்கம் எதுவும் தெரியாது, ஜமக்காளம் வாங்குகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கடையில் யாராவது என்னை "மச்சி" என்று கூப்பிட்டால் நான் படியிறங்கி வந்துவிடுவேன் தம்பி. உங்கள் அப்பா கல்லாவில் உட்கார்ந்து எப்படிப் பேசுவாரோ அப்படி எழுதுங்கள். இன்னொன்று, கல்யாணம் முடிந்த மறுநாள் ஜமக்காளம் சும்மா கிடக்காது. அதைத் துவைக்க வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கல்லாகக் கனக்கும், ஆளுக்கொரு முனையைப் பிடித்து இரண்டு பேர் எதிரெதிராக முறுக்கினால்தான் பிழிய முடியும். எங்கள் வீட்டில் நானும் என் நாத்தனாரும் பேசாமல் இருந்த காலத்தில்கூட அதற்காக மட்டும் பேசிக்கொண்டோம்.

விளம்பர எழுத்தர்
அம்மா, நீங்கள் சொன்ன கடைசி வரிக்கு எங்கள் தொழிலில் காசு கொடுப்பார்கள்.

ரீச் ராஜா
பாட்டி விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் போடச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் கிரியேட்டர் கணக்கு யோசனையை விட்டுவிடாதீர்கள். சினிமாப் பாட்டு வைத்தால்தான் ரீச்.

விளம்பர எழுத்தர்
ராஜா, கணக்கை மாற்றினால் பாட்டு கண்ணில் படும் என்பது சரிதான். ஆனால் பிசினஸ் கணக்கில் அது மறைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், வியாபார விளம்பரத்துக்கு அந்தப் பாட்டின் உரிமை வாங்கப்படவில்லை என்பதே. கணக்கின் வகையை மாற்றியதால் ஜமக்காள விளம்பரம் விளம்பரமாக இல்லாமல் போய்விடாது. அமெரிக்காவில் பேங் என்ற பானத்தை விற்ற நிறுவனம் டிக்டாக் காணொளிகளில் அனுமதியின்றிப் பாடல்களைப் போட்டதற்காக, 2022இல் நீதிமன்றம் யுனிவர்சல் இசை நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சிறு கடைக்கு வழக்கு வருமோ வராதோ, ஒருநாள் ரீல் ஊமையாகிவிட்டால் உழைப்பு வீண். மெட்டாவே வியாபாரப் பயன்பாட்டுக்கென்று ஒலித் தொகுப்பு ஒன்று வைத்திருக்கிறது. தறிச் சத்தம் அதைவிட மேல், அதற்கு உரிமையாளர் உங்கள் அப்பாதான்.

கேப்ஷனை யாரும் படிப்பதில்லை என்பதிலும் பாதிதான் உண்மை. "மேலும்" என்பதைத் தொடாதவர்களுக்கு முதல் வரி மட்டுமே தெரியும், ஆகவே விஷயம் அங்கேயே முடிந்துவிட வேண்டும். தவிர, பவானிக் கடையின் ரீலை யாராவது இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கேப்ஷன் கூடவே போகாது. கேப்ஷன் இல்லாமல் பார்த்தாலும் தவறாகப் புரியாத படமாக இருக்க வேண்டும்.

ஜமக்காளக்கடைப் பையன்
மூன்று முறை எழுதினேன். முதலில், "எல்லாரும் போய்ட்டாங்க, நான் மட்டும் இருக்கேன்." நாற்காலிக்கும் பொருந்தியது, விட்டுவிட்டேன். பிறகு, "வந்தவங்க எல்லாம் கிளம்பியாச்சு, என்னைத் துவைக்கப் போறது யாரு?" அக்கா சிரித்தாள், ஆனால் இதுவும் எந்த விரிப்புக்கும் பொருந்தும் என்றாள். டீச்சரம்மா சொன்னதை வைத்து மூன்றாவது: "விருந்தாளிங்க கிளம்பியாச்சு. என்னைப் பிழிய இன்னொருத்தர் வேணும், பேசாம இருக்கற நாத்தனாரைக் கூப்பிடுங்க." அப்பா படித்துவிட்டு, "இது நம்ம கடைதான்" என்றார். தறிச் சத்தத்தோடு, கடைசி இரண்டு விநாடியில் அம்மாவும் அத்தையும் எதிரெதிரே நின்று முறுக்கும் காட்சியையும் சேர்த்துவிட்டேன். "ஆர்டருக்கு டிஎம்" என்பதை எடுத்துவிட்டேன், எண் பக்கத்தின் முகப்பிலேயே இருக்கிறது.

ஓய்வுபெற்ற டீச்சரம்மா
நாத்தனார் பெயரைப் போடாமல் விட்டீர்களே, அதற்கு நன்றி.

கேட்டரிங் கண்ணன்
அப்படியானால் என் பாயச ரீலை என்ன செய்வது? பத்து நாளாக ஓடிவிட்டது, ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. இப்போது நீக்கினால் ஏன் நீக்கினாய் என்று கேட்பார்கள்.

விளம்பர எழுத்தர்
நான் நீக்கிவிடுவேன். விளக்கம் போட்டால் அந்தப் பாட்டியின் காணொளியைத் தேடிப்போக இன்னும் நூறு பேருக்கு நாமே வழி காட்டியதாகிவிடும், அதனால் சத்தமில்லாமல் எடுப்பேன்.

ஜமக்காளக்கடைப் பையன்
எனக்கு அது சரியாகப் படவில்லை ஐயா. குரல் யாருடையது என்று ஒரு வரி எழுதினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள் அல்லவா?

கேட்டரிங் கண்ணன்
இருவரும் இரண்டு விதமாகச் சொல்கிறீர்கள். இப்போதைக்கு ஆர்க்கைவில் போட்டிருக்கிறேன், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்.