[கலைச்சொல்] ஸ்டோரிபோர்டிலிருந்து குழுவுக்குப் போகும் ‘சீன் பிரேக்டவுன் ஷீட்’: தமிழில் என்ன?

சரவணன்:

நண்பர்களுக்கு வணக்கம். அசைவூட்டப் பிரிவின் சொற்பட்டியலில் ஓரிடம் காலியாக நிற்கிறது. ஸ்டோரிபோர்டு முடிந்து, ஒலியோடு சேர்த்து அனிமேடிக் வெட்டி, இயக்குநர் நீளத்தை ஒப்புக்கொண்ட பிறகு, ஒவ்வொரு சீனுக்கும் எத்தனை பிரேம், எந்தப் பின்னணி, யார் யார் வருகிறார்கள் என்று எழுதி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோமே, அந்தத் தாள். ‘காட்சிப் பிரிப்புத் தாள்’ என்று போடலாமா?

இளங்கோ:

இதற்குப் புதுப்பெயர் தேவையா? படப்பிடிப்புக்கு முன்னால் உதவி இயக்குநர்கள் போடுவதும் இதுதானே. திரைக்கதையை இடம் வாரியாகவும் நடிகர் வாரியாகவும் பிரித்து, ஒரே வீட்டில் நடப்பதை எல்லாம் சேர்த்து எடுக்கிற மாதிரி அடுக்குவோம். எங்கள் யூனிட்டில் எல்லாரும் ‘பிரேக்டவுன்’ என்றே சொல்வார்கள், ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

மாலதி:

இளங்கோ சார், நீங்கள் சொல்வது வேறு தாள். படப்பிடிப்பில் ஷாட்டின் சரியான நீளம் எடிட்டிங் மேசையில்தான் முடிவாகும். கூடுதலாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு வெட்டலாம். அசைவூட்டத்தில் வரைந்த பிறகு வெட்டுவது கூலி கொடுத்ததைக் குப்பையில் போடுவது. அதனால் நீளம் முதலில் முடிவாகிவிடுகிறது. தாளின் உயிரே அந்த எண்தான்.

ஓர் உதாரணம். நொடிக்கு 24 பிரேம். சீன் 17, போர்டில் மூன்று கட்டம்: பூனை திண்ணை ஓரமாக நடந்து வருகிறது; நின்று பால் செம்பைப் பார்க்கிறது; தட்டிவிடுகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி “ஏய், போ அந்தப் பக்கம்!” என்கிறாள். அனிமேடிக்கில் கட்டங்களின் நீளம் 36, 18, 30.

```
சீன் 17 | பின்னணி 04-திண்ணை | மொத்தம் 84 பிரேம்
 1–36   பூனை நடை (சுழற்சி)
 37–54  நிற்கிறது, அசைவில்லை
 55–84  தட்டுகிறது, செம்பு சாய்கிறது
 வசனம்: பாட்டி, 67–84; மிச்சம் சீன் 18, 1–8
```

கடைசி வரியைப் பாருங்கள். வசனம் 26 பிரேம். 18 இங்கே, 8 அடுத்த சீனில். போர்டில் வசனம் முழுவதையும் மூன்றாம் கட்டத்துக்குக் கீழேதான் எழுதியிருப்பார்கள். தாள் போடுபவர் அதை அப்படியே நகலெடுத்தால், சீன் 17 வரைபவர் முழு வசனத்தையும் 84க்குள் அமுக்குவார், 18 வரைபவர் பாட்டியை வாய்மூடித் தொடங்குவார். சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியும், அதற்குள் இரண்டு பேர் வேலை முடிந்திருக்கும். ஆகவே ஒலியைக் கேட்டு பிரேம் எண் குறிப்பவர் வேலையை முடித்த பிறகே தாள் வெளியே போக வேண்டும்.

கதிர்:

மாலதி அக்கா சொல்வது சரி, நேரம்தான் முக்கியம். ஆனால் பிரேம் எண்ணெல்லாம் வரைபவருக்குப் போதும். குழுவுக்குப் பிரிக்க நொடிக்கணக்கு போதுமே: 1.5, 0.8, 1.3. ஆளுக்கு வாரம் இத்தனை நொடி என்று சமமாகப் பங்கிட்டுவிடலாம். பெயரும் எளிது: ‘நொடித்தாள்’.

மாலதி:

கதிர், உன் மூன்று எண்ணையும் கூட்டிப் பார். 3.6 நொடி, அதாவது 86 பிரேமுக்கு மேல். இருக்க வேண்டியது 84. பதினொரு நிமிட எபிசோடில் 200 சீன் இருந்து, எல்லாவற்றிலும் இப்படி இரண்டு பிரேம் கூடினால் கிட்டத்தட்ட 17 நொடி. எல்லாம் ஒரே பக்கம் சாயாதுதான். ஆனாலும் பாட்டோ பின்னணி இசையோ ஓடும் இடத்தில் கால் நொடி நழுவினாலே கண்ணில் படும்.

இதைவிட மோசமானது புள்ளி. ‘3.12’ என்று எழுதினால் ஒருவர் மூன்று நொடி, பன்னிரண்டு பிரேம் என்று 84 வரைவார்; இன்னொருவர் தசமமாக எடுத்து 75-ல் நிறுத்துவார். ஜப்பானில் இதே நீளத்தை 3+12 என்று கூட்டல் குறி போட்டு எழுதுகிறார்கள், அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. பழைய அமெரிக்கத் தாள்களில் அடிக்கணக்கு இருக்கும்: 35 மி.மீ. படச்சுருளில் அடிக்கு 16 பிரேம், ஆக இது 5 அடி 4 பிரேம். எந்தக் கணக்கானாலும் பக்கத்தில் முழு பிரேம் எண்ணை எழுதிவிட்டால் தப்பிக்கலாம்.

நொடியை வைத்துப் பங்கிடுவதும் வேலைக்கு ஆகாது. இந்த 84 பிரேமில் நடைக்கு 24 பிரேம் சுழற்சி. இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என்றால் 12 படம் வரைந்தால் போதும், திரும்பத் திரும்ப ஓடும். நிற்கிற 18 பிரேமுக்கு ஒரே படம். தட்டுகிற இடம்தான் கனம்: வேகமான 8 பிரேமுக்குத் தனித்தனிப் படம், மீதி 22க்கு 11, ஆக 19. பூனைக்கு மட்டும் மொத்தம் 32. இதே நீளத்தில் கல்யாணப் பந்தலில் பத்துப் பேர் எழுந்து ஓடும் சீன் வந்தால்? அதனால் தாளில் நீளத்துக்குப் பக்கத்தில் ‘கனம்’ என்று ஒரு கட்டம் வைத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று குறிக்க வேண்டும். இளங்கோ சார் சொன்ன ‘இடம் வாரியாக அடுக்குவது’ இங்கே உதவும்: பின்னணி 04 வரும் சீன்களை எல்லாம் ஒருவரிடமே கொடுத்தால் செம்பு ஒரு சீனில் தூணுக்கு இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் போகாது.

முத்தையா:

அன்பர்களே, மாலதி அவர்கள் காட்டியதில் இரண்டு தாள்கள் கலந்திருப்பதாகப் படுகிறது. சீனுக்கு ஒரு பதிவாக மேற்பார்வையாளரிடம் இருப்பது ஒன்று. பிரேமுக்கு ஒரு வரியாக வரைபவரிடம் இருப்பது மற்றொன்று, ‘எக்ஸ்போஷர் ஷீட்’ என்பார்கள். பின்னதைச் ‘சட்டகத்தாள்’ எனலாம். முன்னதற்குக் ‘காட்சி’ என்ற சொல் பொருந்தாது. தமிழ்த் திரைப்பேச்சில் காட்சி என்றால் பல ஷாட் சேர்ந்தது. இவர்கள் சீன் 17 என்பது ஒரே ஷாட். ‘துண்டுப் பகுப்புத் தாள்’ என்றால்?

கதிர்:

ஐயா, ‘துண்டுத்தாள்’ என்று சுருக்கினால் நோட்டீஸ் ஆகிவிடும்!

மாலதி:

சட்டகத்தாள் நன்றாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். பகுப்பு என்பதும் சரி. ‘பிரேக்டவுன்’ என்று வரைபவர்கள் சொல்வது இரண்டு முக்கிய நிலைகளுக்கு நடுவே வரையும் படத்தை. இங்கேயும் ‘பிரிப்பு’ என்று போட்டுவிட்டால் அதற்கு வேறு சொல் தேட வேண்டிவரும்.

சரவணன், பட்டியலில் இன்னும் இரண்டு சொல் வேண்டும். சீன் 17 கரைந்து 18 தோன்றுகிறது, 12 பிரேம் ஒன்றன்மேல் ஒன்று என்று வையுங்கள். 17க்கு 84, 18க்கு 60 வரைகிறோம், மொத்தம் 144. திரையில் ஓடுவது 132. தாளில் ஒரே ‘நீளம்’ இருந்தால் எபிசோடு கூட்டல் தவறும், அல்லது கரைவதற்குப் படம் போதாமல் எடிட்டர் திருப்பி அனுப்புவார். ‘வரைநீளம்’, ‘ஓடுநீளம்’ என்று தனித்தனியாக வேண்டும்.

இளங்கோ:

ஜப்பான்காரர்கள் ஒவ்வொன்றையும் ‘கட்’ என்றுதான் எண்ணுகிறார்கள் என்று கேள்வி. ‘வெட்டு 17’ என்றால் துண்டைவிட மேல் இல்லையா?

சரவணன்:

வரைநீளம், ஓடுநீளம், சட்டகத்தாள் மூன்றையும் சேர்த்துவிட்டேன். ‘துண்டுப் பகுப்புத் தாள்’, ‘வெட்டுப் பகுப்புத் தாள்’ இரண்டையும் கேள்விக்குறியோடு வைக்கிறேன். இயக்குநர் ‘இதை வெட்டு’ என்று சொல்லும் நாளில் ‘வெட்டு 17’ எப்படிக் கேட்கும் என்பதுதான் எனக்குத் தயக்கம்.

மாலதி:

அப்படி நீக்கிவிட்டால்கூட 17 என்ற எண்ணை அடுத்ததற்குக் கொடுக்காதீர்கள். வரிசையில் ‘நீக்கம்’ என்று எழுதி அப்படியே விடுங்கள்; இடையில் புதிதாக வந்தால் 17அ. எண்ணை மாற்றினால் ஏற்கெனவே வரைந்து வைத்த கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வேறு சீனைக் காட்டும். அனிமேடிக்கில் நீளம் மாறும்போதெல்லாம் தாளின் தலையில் பதிப்பு எண்ணும் மாற வேண்டும், பழைய தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்துக்கு ‘பதிப்பு’ போதுமா, ‘திருத்தம்’ வேண்டுமா?