நிகர தற்போதைய மதிப்பு கோடுகள் வெட்டும் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

நண்பர்களே, ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டிய இரண்டு திட்டங்கள், இரண்டுக்கும் முதலீடு 1000. 'அ' முதல் ஆண்டில் 900, இரண்டாம் ஆண்டில் 300 தருகிறது. 'ஆ' முதலில் வெறும் 100, அப்புறம் 1200.

உள் வருவாய் வீதத்தில் 'அ' தான் முந்துகிறது, சுமார் 15.9%, 'ஆ' 14.7%. ஆனால் 10% தள்ளுபடி வீதத்தில் நிகர தற்போதைய மதிப்பு 'ஆ'வுக்கு 82.6, 'அ'வுக்கு 66 தான். சரி, கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று பார்க்க 'ஆ'வின் வரவிலிருந்து 'அ'வின் வரவைக் கழித்தேன்: 0, −800, +900. இந்த வித்தியாச வரவின் உள் வருவாய் வீதம் 12.5%, அங்கே இரண்டுக்கும் மதிப்பு 37. அதற்குக் கீழே 'ஆ', மேலே 'அ'. இதுவரை குழப்பமில்லை.

சிக்கல் என்னவென்றால் எங்கள் மூலதனச் செலவு 12 முதல் 13 சதவீதத்துக்குள் எங்கோ இருக்கிறது, அந்த இடைவெளியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 அளவுதான், அதை வைத்து என்ன முடிவெடுப்பது? அதைவிட உறுத்துவது, 'ஆ'வின் 1200 வெறும் 5% குறைந்து 1140 ஆனால் வித்தியாச வரவு −800, +840 ஆகி, வெட்டும் புள்ளி ஒரேயடியாக 5%க்கு இறங்கிவிடுகிறது. அப்போது 10%இலேயே 'அ' ஜெயிக்கிறது.

இப்படி வரும்போது அறிக்கையில் ஒற்றை எண்ணைக் கொடுப்பீர்களா, இல்லை வரவுக் கணிப்பை மாற்றி மாற்றி ஒரு வீச்சாகக் காட்டுவீர்களா? எனக்கு இரண்டாவதுதான் நேர்மையாகப் படுகிறது, ஆனால் மேலிடம் ஒற்றை எண்தான் கேட்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.