தனுஷ்கோடியில் நின்றதற்கு இலங்கை ரோமிங் கட்டணம்: எழுத்தில் கணக்குக் கேட்டவர்களின் அனுபவங்கள்

வைகைக்கரை

போன பில் ₹4,341.22. எங்கள் திட்டம் 499 ரூபாய்தான், வரியோடு ₹588.82. மீதி முழுவதும் "சர்வதேச ரோமிங் டேட்டா" என்று ஒரே வரியில் வந்திருந்தது. 3,180 ரூபாய், அதன் மேல் 18 சதவீத வரி ₹572.40.

நாங்கள் ராமேஸ்வரம் போயிருந்தோம், அங்கிருந்து அரிச்சல்முனை. அவ்வளவுதான். போன வருடம் துபாய் வேலைக்காக இவர் எண்ணில் சர்வதேச ரோமிங் போட்டிருந்தார், அது அப்படியே இருந்தது. 198-க்குப் போன் செய்தால் அந்தத் தம்பி, "மேடம், அந்த நேரத்துல நீங்க ஸ்ரீலங்காவுல இருந்திருக்கீங்க, சிஸ்டம்ல காட்டுது" என்கிறார். அந்த நேரத்தில் நான் இடிந்த சர்ச் சுவர் ஓரமாக மகளைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடிக்கொண்டிருந்தேன். போட்டோகூட இருக்கிறது. நான் இருந்த நாட்டையே மாற்றிச் சொன்ன அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

எழுத்தில் விவரம் கேட்டேன். முதலில் வந்த மின்னஞ்சலில் பில்லில் இருந்த அதே ஒற்றை வரிதான் இருந்தது. மறுபடி எழுதி, ஒவ்வொரு இணைப்பும் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த நாட்டு நெட்வொர்க்கில், எத்தனை கே.பி. என்று தனித்தனியாகக் கேட்டேன். அப்புறம்தான் உருப்படியான தாள் வந்தது. காலை 11.21-க்கு 2,140 கே.பி., 11.38-க்கு 3,050, 11.52-க்கு 1,170. மொத்தம் 6,360 கே.பி. பத்து கே.பி.க்கு 5 ரூபாய் வீதம் 3,180.

அதே பில்லில் சாதாரண அழைப்புப் பட்டியலும் இருக்கிறது இல்லையா? 11.09-க்கு இவர் பேசியது இந்திய நெட்வொர்க்கில். 12.14-க்கு விடுதிக்காரரிடம் பேசியதும் இந்திய நெட்வொர்க்கில். இந்த ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குள் கடலைத் தாண்டி இலங்கை போய்த் திரும்பி வர முடியுமா என்று இரண்டு பட்டியலையும் ஒன்றாக வைத்து அனுப்பினேன். 3,180 ரூபாயைக் கழித்துவிட்டார்கள். ஆனால் "நல்லெண்ண அடிப்படையில்" என்று எழுதியிருக்கிறார்கள். வரி ₹572.40 அப்படியே நிற்கிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கோவை_ரவி

சகோதரி தவறாக நினைக்க வேண்டாம். டேட்டா ரோமிங் பட்டனை அணைத்து வைத்திருந்தால் இது வந்தே இருக்காது. போன் செட்டிங்கில் இருக்கிறது, பத்து வினாடி வேலை. தனுஷ்கோடியில் இலங்கை சிக்னல் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கம்பெனியைக் குறை சொல்லி என்ன பயன்? 3,180 திரும்பி வந்ததே பெரிது, விட்டுவிடுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது, தொலைபேசி பில் வழக்கை அங்கே எடுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. வேண்டுமானால் டிராய்க்கு ஒரு புகார் போடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அண்ணாநகர் பத்மா

எனக்கும் இதே மாதிரிதான், ஆனால் ரோமிங் இல்லை, காலர் டியூன். அப்பாவின் எண். மாதாமாதம் ஒரு சின்னத் தொகை "கூடுதல் சேவை" என்று போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு 78 வயது. பாட்டு வைக்கத் தெரியாது, யாரும் வைத்துக் கொடுக்கவும் இல்லை. ஆட்டோபே என்பதால் பில்லை யாரும் திறந்து பார்க்கவில்லை.

யார், எப்போது, எப்படிச் சம்மதம் கொடுத்தார்கள் என்று எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: "இரவு 2.40 மணிக்கு வாடிக்கையாளர் உறுதி செய்துள்ளார்." அப்பா அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில். போன் என் கைப்பையில், அணைத்த நிலையில். டிஸ்சார்ஜ் சீட்டை ஸ்கேன் செய்து அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்த இரவு 2.40 பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் எழுதவில்லை. சேவையை நிறுத்தி, கடைசி மாதத் தொகையை மட்டும் கழித்தார்கள். முந்தைய மாதங்களுக்கு இன்னும் பதில் இல்லை.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன், பெரியவர்கள் எண்ணில் ஆட்டோபே வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் உச்சவரம்பைத் திட்டக் கட்டணத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வையுங்கள், 5,000 என்று விட்டு வைக்காதீர்கள். தவறான பில் வந்தால் முதலில் பணம் போய்விடும், அதற்குப் பிறகு திரும்பக் கேட்டு அலைய வேண்டியது நாம்தான். பணம் நம் கையில் இருக்கும்போது கேட்பதும், அவர்கள் கையில் போன பிறகு கேட்பதும் ஒன்றல்ல. பில் காகிதத்தில் வராவிட்டாலும் பி.டி.எஃப்.பை மாதம் ஒரு தடவை திறந்து, திட்டக் கட்டணத்துக்குக் கீழே வேறு தலைப்பு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்பா, அம்மா, மாமியார், எல்லார் எண்ணையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

பழைய பில்லிங் ஆள்

ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரவி சார் சொன்னதில் பாதி சரி. அந்தப் பட்டன் டேட்டாவைத்தான் தடுக்கும், அழைப்பைத் தடுக்காது. போன் இலங்கை கோபுரத்தில் ஒட்டியிருக்கும்போது யாராவது கூப்பிட்டு நீங்கள் எடுத்தால் அதற்கும் ரோமிங் கட்டணம் உண்டு. தவிர, சில போன்களில் அந்தப் பட்டனை அணைத்தால் நம் நாட்டுக்குள்ளேயே வேறு மாநிலத்தில் நெட் நின்றுவிடும். அதனால்தான் பலரும் அதைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். உறுதியான வழி, பயணம் முடிந்ததும் சர்வதேச ரோமிங் சேவையையே நிறுவனத்திடம் சொல்லி எடுத்துவிடுவது. இல்லையென்றால் கடற்கரைக்குப் போகும்போது நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி நம் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுப்பது.

"எல்லோருக்கும் தெரிந்ததுதான்" என்றீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வேறு நாட்டுக்குப் போனால் போனில் மணி மாறும், பார்த்தவுடன் தெரியும். இலங்கைக்கும் நமக்கும் நேரம் ஒன்றே. தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், நடுவில் தடுக்க ஒன்றும் இல்லாத கடல். பழைய ஜி.எஸ்.எம். கோபுரமே 35 கிலோமீட்டர் வரை எட்டும். இந்தப் பக்கம் சிக்னல் மங்கினால் போன் அந்தப் பக்கத்தைப் பிடிக்கத்தான் செய்யும்.

கால் சென்டர் தம்பி பொய் சொல்லவில்லை. அவர் திரையில் அவ்வளவுதான் தெரியும். ரோமிங் கணக்கை நம் நிறுவனம் எழுதுவதில்லை. அங்கே உள்ள நிறுவனம் பதிவு செய்து கோப்பாக அனுப்புகிறது. அது வந்து சேரச் சில நாள் ஆகும், அதனால் சில சமயம் அடுத்த மாத பில்லில்தான் தலைகாட்டும். அந்தக் கோப்பில் நெட்வொர்க்கின் எண் இருக்கும். 413 என்று தொடங்கினால் இலங்கை, 404 அல்லது 405 என்றால் இந்தியா. ஆனால் நீங்கள் எந்த நிலத்தில் நின்றீர்கள் என்பது அதில் கிடையாது. எந்தக் கோபுரம் உங்களைப் பிடித்தது என்பதுதான் இருக்கும். வைகைக்கரை அம்மா இந்த இடத்தில்தான் சரியாகக் கை வைத்திருக்கிறார். ரோமிங் பட்டியலையும் உள்நாட்டு அழைப்புப் பட்டியலையும் மணி வாரியாக ஒட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இப்போது அந்த ₹572.40. "நல்லெண்ண" என்ற சொல்லில்தான் சிக்கல். அப்படி எழுதினால், பில் சரி, நாங்களாகத் தள்ளுபடி கொடுத்தோம் என்று அர்த்தம். பில் சரி என்றால் வரியும் சரி என்று ஆகிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது பில் திருத்தம், அதற்கான கிரெடிட் நோட். கட்டணம் பொருந்தாது என்று திருத்தினால் அதன் மேல் போட்ட வரியும் சேர்ந்து குறைய வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள்.

டிராய் தனிநபர் புகாரைத் தீர்த்து வைப்பதில்லை. 2012-இல் வந்த விதிமுறைப்படி முதலில் நிறுவனத்திடம் புகார், அதற்கு டாக்கெட் எண். திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. முடிவு வந்த 30 நாளுக்குள் போக வேண்டும், கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் அதிகாரி யார் என்பது tccms.trai.gov.in தளத்தில் இருக்கிறது. டாக்கெட் எண் இல்லாமல் மேல்முறையீடு நகராது, அதனால் மின்னஞ்சலில் எழுதினாலும் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கோர்ட் விஷயத்தில் ரவி சார் சொன்னது 2009 தீர்ப்பு. 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டது.

கோவை_ரவி

2022 தீர்ப்பு எனக்குத் தெரியாது, தகவலுக்கு நன்றி. ஆனாலும் 572 ரூபாய்க்கு ஆணையம் வரை போவதை நான் ஏற்க மாட்டேன். பஸ் செலவே அதைத் தாண்டிவிடும்.

தாம்பரம் ஜமால்

ஐயா, ஒரு சந்தேகம். சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தபோது ஊரிலிருந்து வந்த அழைப்புகளை வேண்டுமென்றே எடுக்கவில்லை, காசு போகும் என்று. பில்லில் "உள்வரும் அழைப்பு 1 நிமிடம்" என்று வரிசையாக இருந்தது. எடுக்காத அழைப்புக்கு எப்படி நிமிடம் வரும்? தொழுகைக்குப் போன நேரத்தில் வந்த அழைப்புக்கும் போட்டிருந்தார்கள். போன் அப்போது வீட்டில் மேசை மேல் இருந்தது. விவரம் கேட்டால் "ஆன்சர்டு" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

பழைய பில்லிங் ஆள்

பாய், எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்கோ வேறு எண்ணுக்கோ திருப்பி விடப்பட்டிருந்தால் இப்படி வரும். அழைப்பு முதலில் சிங்கப்பூர் வரை வருகிறது, யாரும் எடுக்காததால் மறுபடி இந்தியாவுக்குத் திரும்புகிறது. கணக்குப்படி அது பதில் கிடைத்த அழைப்பு. போனில் `*#61#` என்று அடித்துப் பாருங்கள், எடுக்காத அழைப்பு எங்கே போகிறது என்று காட்டும். விவரத்தாளில் அதே நிமிடத்தில் திரும்பிய அழைப்பு ஒன்றும் ஜோடியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதுதான் காரணம். பணம் திரும்புமா என்று என்னால் சொல்ல முடியாது, திருப்பிவிடும் வசதியை யார் போட்டார்கள் என்பதில்தான் வாதம் நிற்கும்.

தாம்பரம் ஜமால்

அடித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியாத ஒரு எண் காட்டுகிறது. அந்த எண் யாருடையது, எந்தத் தேதியில் போடப்பட்டது என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.

அண்ணாநகர் பத்மா

ரவி சார், 572 ரூபாய் சின்னத் தொகைதான். அப்பாவிடம் மாதாமாதம் எடுத்ததும் சின்னத் தொகைதான். சின்னதாக இருப்பதால்தான் யாரும் கேட்பதில்லை, கேட்காததால்தான் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பஸ் செலவு இல்லாமல் மின்னஞ்சலில் கேட்கும் வழியைத்தானே ஐயா சொல்லியிருக்கிறார்.

வைகைக்கரை

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி "நல்லெண்ணத் தள்ளுபடியாக ஏற்கவில்லை, பில் திருத்தமும் வரி உட்பட கிரெடிட் நோட்டும் வேண்டும்" என்று எழுதி அனுப்பினேன். டாக்கெட் எண் வந்துவிட்டது. பதிலில், வரிப் பகுதியை "கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று மட்டும் இருக்கிறது. 30 நாள் கெடு முடியும் முன் மேல்முறையீட்டையும் போட்டுவிடப் போகிறேன். இவர் எண்ணில் சர்வதேச ரோமிங்கை எடுத்துவிட்டோம், எடுத்ததற்கான எஸ்.எம்.எஸ்.ஸையும் சேமித்து வைத்திருக்கிறேன். ஒரே கேள்வி: மேல்முறையீட்டில் அந்தப் போட்டோவைச் சேர்க்கலாமா? அதில் நேரமும் இடமும் பதிவாகியிருக்கிறது, 11.40.

பழைய பில்லிங் ஆள்

கண்டிப்பாகச் சேருங்கள். இரண்டாவது இணைப்பு 11.38, போட்டோ 11.40. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை வைக்காதீர்கள், அதில் இட விவரம் அழிந்துபோகும். போனில் இருக்கும் மூலப் படத்தையே மின்னஞ்சலில் இணையுங்கள்.