புதுப்பிப்பு: ஹெட்லைட் பல்பு எந்த வகை என்று தெரிந்துவிட்டது

முன்பு நான் இங்கே கேட்டது: “என் பைக்கில் ஃபியூஸ் போன ஹெட்லைட் பல்பின் படம் இது, எச்4 வாங்குவதா, எச்எஸ்1 வாங்குவதா?”

உதவிய அனைவருக்கும் நன்றி. மூன்று காதுள்ள அடிப்பகுதியைப் பார்த்து எச்4 என்று ஒருவர் சொன்னது பாதி சரி. இரண்டு வகைக்கும் அடிப்பகுதி ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருப்பதால் என் படம் போதவில்லை. உலோக வளையத்தைத் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் மீண்டும் படமெடுக்கச் சொன்ன மெக்கானிக் அண்ணனின் யோசனையே பலித்தது: “எச்எஸ்1, 12 வோல்ட், 35/35 வாட்” என்ற பொறிப்பு தெளிவாகத் தெரிந்தது. அதையே வாங்கிப் பொருத்தினேன், நன்றாக எரிகிறது. 60/55 வாட் எச்4 போட்டிருந்தால், கூடுதல் சூட்டில் ஹோல்டர் உருகியிருக்கக்கூடும்.

எதிர்பாராத வகையில், ஹோல்டரின் ஒரு முனை ஏற்கெனவே கருகியிருந்ததால் அதையும் மாற்றினேன். முந்தைய உரிமையாளர் போட்ட பல்பு காரணமா, தளர்ந்த இணைப்பு காரணமா என்பது விளங்கவில்லை.