மருந்துச் சீட்டில் 5/7 என்றால் என்ன? 75 மி.லி. எப்படி வருகிறது?

கடைசி பெஞ்ச்:
பார்மசி படிக்கிறேன். பயிற்சிக்குக் கொடுத்த சீட்டு இது. குழந்தைக்கு 4 வயது, எடை 16 கிலோ.

ஆர்எக்ஸ்
அமாக்ஸிசிலின் சஸ்பென்ஷன் 250 மி.கி./5 மி.லி.
5 மி.லி. டி.டி.எஸ். × 5/7
பாராசிட்டமால் சிரப்
5 மி.லி. எஸ்.ஓ.எஸ்.

முதல் மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது கேள்வி. விடை 75 மி.லி. என்று போட்டிருக்கிறார்கள். 5/7 என்பதை வாரத்தில் 5 நாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியானால் எத்தனை வாரம் என்று இல்லையே? அப்புறம், "5 மி.லி. டி.டி.எஸ்." என்பதை இன்ஸ்கிரிப்ஷனில் எழுதினேன். அதற்கும் மதிப்பெண் போய்விட்டது.

விடுதி அறை:
5/7 என்றால் 5 நாள், அவ்வளவுதான். டி.டி.எஸ். என்றால் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. 5 × 3 × 5 = 75. இரண்டாவது மருந்தில் பிரச்சினை எதுவும் இல்லை, வழக்கமான டோஸ்தான்.

பழைய கவுண்டர்:
கணக்கு சரி, மற்ற இரண்டும் சரியில்லை.

கோட்டுக்குக் கீழே இருப்பது அலகு. 7 என்றால் நாள், 52 என்றால் வாரம், 12 என்றால் மாதம். 2/52 என்பது 2 வாரம், 3/12 என்பது 3 மாதம். பின்னமாகப் படித்தால் குழப்பம்தான்.

டி.டி.எஸ். என்பது நாளைக்கு மூன்று வேளை. சரியாக 8 மணி நேர இடைவெளிதான் வேண்டுமென்றால் டாக்டர் அதைத் தனியாக எழுதுவார். வெறும் டி.டி.எஸ்ஸைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் குழந்தையை எழுப்பச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி பெஞ்ச், மருந்தின் பெயரும் 250/5 என்ற வீரியமும்தான் இன்ஸ்கிரிப்ஷன். "5 மி.லி. டி.டி.எஸ். × 5/7" நோயாளிக்கான வழிமுறை, அது சிக்னேச்சுரா. நமக்கான உத்தரவு, அதாவது எவ்வளவு கொடுப்பது என்பது சப்ஸ்கிரிப்ஷன். இந்தச் சீட்டில் அது இல்லாததால்தான் உங்களைக் கணக்குப் போடச் சொல்கிறார்கள்.

இப்போது இரண்டாவது மருந்து. வீரியம் எங்கே? பாராசிட்டமால் சிரப் 120/5 உண்டு, 250/5 உண்டு. 16 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 240 மி.கி. வருகிறது. 250/5 பாட்டிலில் 5 மி.லி. கிட்டத்தட்ட அதே அளவு. 120/5 பாட்டிலில் பாதிதான் போகும், காய்ச்சல் இறங்கவில்லை என்று திரும்பி வருவார்கள். ஊகித்துக் கொடுக்காமல் டாக்டரைக் கேட்க வேண்டிய இடம் இது.

கண்ணாடிக்காரி:
என் மாமியாரின் கண் சொட்டு மருந்துச் சீட்டில் "1 சொட்டு ஓ.டி." என்று இருந்தது. தினம் ஒருமுறை என்று நினைத்து இரண்டு கண்ணிலும் விட்டோம். இதுவும் இந்த வகைதானா?

விடுதி அறை:
ஓ.டி. என்றால் தினம் ஒருமுறைதான் அக்கா. எல்லாச் சீட்டிலும் அப்படித்தான்.

பழைய கவுண்டர்:
மாத்திரைச் சீட்டில் அப்படி. கண் சீட்டில் ஓ.டி. வலது கண்ணையும் குறிக்கும். ஓ.எஸ். இடது கண், ஓ.யு. இரண்டும். வலது கண் என்று எடுத்தால் எத்தனை முறை என்பது இல்லை, ஒருமுறை என்று எடுத்தால் எந்தக் கண் என்பது இல்லை. எப்படிப் படித்தாலும் ஒன்று குறைகிறது. எழுதிய டாக்டரிடமே கேட்டுவிடுங்கள் அம்மா, இங்கே யாரும் முடிவு சொல்ல முடியாது.

கடைசி பெஞ்ச்:
நன்றி சார். 75 மி.லி. பாட்டில் இல்லை, 60-உம் 100-உம்தான் இருக்கிறது என்றால்?

பழைய கவுண்டர்:
60-ஐக் கொடுத்தால் 4 நாளோடு தீர்ந்துவிடும். 100-ஐக் கொடுங்கள். பொடி பாட்டில் என்பதால் குறித்த கோடு வரை தண்ணீர் விட்டுக் குலுக்க வேண்டும். 5 நாள் முடிந்ததும் மிச்சம் 25 மி.லி. இருக்கும், அதைக் கொட்டிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைத்துக்கொள்வார்கள். லேபிளில் டி.டி.எஸ். என்று ஒட்டாதீர்கள். "5 மி.லி. வீதம் காலை, மதியம், இரவு, 5 நாள், குலுக்கிவிட்டுக் கொடுக்கவும்" என்று எழுதுங்கள். ஸ்பூன் என்று எழுத வேண்டாம், வீட்டு ஸ்பூன்கள் ஒரே அளவில் இருக்காது. அளவுக் கப்பைக் கையில் கொடுங்கள்.

விடுதி அறை:
சரி சார். எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் ஒரே ஒரு முறைதான், தேவைப்படும்போதெல்லாம் திரும்பக் கொடுக்க பி.ஆர்.என். என்று எழுத வேண்டும் என்று எங்கள் மேடம் சொல்கிறார். அப்படியா?

பழைய கவுண்டர்:
பழைய வழக்கம் அதுதான். ஆனால் கவுண்டருக்கு வரும் சீட்டுகளில் இரண்டையும் ஒரே பொருளில் எழுதுகிறவர்களே அதிகம். தேர்வில் மேடம் சொன்னதை எழுதுங்கள். எப்படியானாலும் எதற்கு, எத்தனை மணி நேர இடைவெளியில், நாளைக்கு அதிகபட்சம் எத்தனை முறை என்று இல்லாத எஸ்.ஓ.எஸ். எனக்கு முழுமையாகத் தெரிவதில்லை.

கடைசி பெஞ்ச்:
அப்படியென்றால் விடைத்தாளில் இரண்டாவது மருந்துக்கு "வீரியம் இல்லை, கேட்டுத் தெளிந்த பிறகே கொடுக்கலாம்" என்று எழுதினால் மதிப்பெண் தருவார்களா?

விடுதி அறை:
எங்கள் கல்லூரியில் தர மாட்டார்கள் :)