கெல்டால்: வடித்தும் அமோனியா வரவில்லை

உணவுப் பகுப்பாய்வு செய்முறைத் தேர்வுக்கு, கெல்டால் முறையில் புரதம் அளப்பது பற்றி ஒரு விளக்கம் வேண்டும். பால் பவுடர் 1 கிராம், அடர் கந்தக அமிலம் 20 மி.லி., காப்பர் சல்பேட் வினையூக்கி. செரித்தபின் தெளிந்த பச்சை. நீர்த்து, 40% சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. விட்டு வடித்தேன். குடுவைக் கரைசல் கருக்கவே இல்லை. டைட்டர் பிளாங்க் அளவேதான்.

கணக்குப்படி அமிலம் 720 மில்லி சமானம், காரம் 500. செரிப்பில் கொஞ்சம் அமிலம் செலவாகும்; மீதியே காரத்தைத் தின்றுவிட்டால் அமோனியம் உப்பாகவே தங்கிவிடும். காரம் 75 மி.லி. வேண்டும் என்று எழுதலாமா? அதே குடுவையில் கூடுதல் காரம் விட்டால் தப்புமா, திறக்கும்போது அமோனியா போய்விடுமா?

இன்னொன்று: நைட்ரஜனைப் புரதமாக்கும் காரணி பாலுக்கு 6.38 தானே, 6.25 போட்டால் மதிப்பெண் குறைப்பார்களா?

ஈரப்பதம் அளக்கும்போது லாக்டோஸ் பழுப்பேறுவதும், ஈரமான மாதிரிக்குள் ஈதர் ஊடுருவாமல் கொழுப்பு குறைவதும் புரிந்தது. சிக்கல் கெல்டாலில்தான்.